தடுப்பூசிக்குப் பின் குழந்தைக்குக் காய்ச்சல்: எந்த மருந்து, எவ்வளவு, எப்போது

புதிய வீட்டுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளில் ஒன்று, கிளினிக்கில் ஊசி போட்ட அன்றிரவு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பது. பழைய இடத்தில் தெரிந்த மருத்துவமாது பக்கத்தில் இருந்திருப்பார். இங்கே கலஹாவிலோ தெல்தோட்டையிலோ கட்டுகஸ்தோட்டைக்கு அப்பாலோ புதிதாகக் குடிவந்த உங்களுக்கு அந்த இரவில் யாரைக் கேட்பது என்று தெரியாமல் இருக்கலாம். வீட்டில் இருக்கும் மருந்துப் போத்தலும் வேறு ஊரில் வாங்கியதாக இருக்கலாம். அதனால் அந்த முதல் இரவுக்குத் தேவையானதை இங்கே எழுதுகிறோம். ஊசிக்கு முன்னரே, பகல் வெளிச்சத்தில், ஒருமுறை வாசித்து வையுங்கள்.

காய்ச்சல் எப்போது வரும்

இலங்கையில் குழந்தைக்கு 2, 4, 6 மாதங்களில் தொடையில் ஏற்றப்படும் ஊசியை கிளினிக்கில் பென்டா என்பார்கள். தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி, ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஊசி. 2008ஆம் ஆண்டுதான் நம் நாட்டுக்கு வந்தது. இதில் குக்கலுக்கான பகுதி முழுக் கிருமியைக் கொன்று செய்யப்படுவது. பெரும்பாலும் காய்ச்சலைக் கொண்டுவருவது அந்தப் பகுதிதான். 18 மாதத்தில் ஏற்றும் முக்கூட்டு ஊசியிலும் அது இருக்கிறது.

இந்த ஊசிகளின் காய்ச்சல் பெரும்பாலும் அன்று மாலையோ இரவோ தொடங்கும். ஒரு நாளில், அதிகம் போனால் இரண்டு நாளில் அடங்கிவிடும். தொடை சிவந்து, கொஞ்சம் வீங்கி, தொட்டால் குழந்தை அழும். உடம்பு தடுப்பூசிக்குப் பதில் கொடுக்கிறது என்பதே இதன் பொருள். காய்ச்சலே வராத குழந்தைக்கு ஊசி வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடவும் கூடாது.

9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் எம்.எம்.ஆர். ஊசி வேறு மாதிரி. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் எதிரான இந்த ஊசியில் பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள வைரசு இருக்கிறது. அது உடம்பில் பெருகச் சில நாட்கள் எடுக்கும். ஆகவே அன்றிரவு குழந்தை நன்றாகத் தூங்கும். ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து, ஐந்தாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள், காய்ச்சலோ மெல்லிய சிவப்புப் பருக்களோ வரலாம். அதற்குள் ஊசி போட்டதையே வீட்டார் மறந்திருப்பார்கள்.

இந்த நாட்கணக்கை மனதில் வைத்துக்கொள்வது அவசியம். பென்டா ஊசி போட்டு மூன்றாம் நாளோ நான்காம் நாளோ புதிதாகக் காய்ச்சல் தொடங்கினால் அதை ஊசியின் தலையில் போடாதீர்கள். அது வேறு காய்ச்சல். இரண்டு மூன்று மாதக் குழந்தை என்றால் அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

போத்தலில் உள்ள எண்

பெனடோல் பாணி என்று நாம் சொல்லும் மருந்தின் பெயர் பரசிட்டமோல். ஊசிக்குப் பின் வரும் காய்ச்சலுக்கு இந்த மருந்து போதும். ஆனால் எவ்வளவு கொடுப்பது என்பதை வயதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. குழந்தையின் நிறையும் போத்தலின் வீரியமும் தெரிய வேண்டும்.

ஒரு கிலோ நிறைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை கொடுக்கலாம். 15ஐத் தாண்டக் கூடாது. இரண்டு வேளைகளுக்கு இடையில் ஆறு மணி நேரம் இருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. நிறையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஊசி போடும் நாளில் குழந்தையை நிறுத்து, கிளினிக் புத்தகத்தில் எழுதித்தான் தருவார்கள்.

வீரியத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இங்கே பாமசிகளில் வழக்கமாகக் கிடைக்கும் குழந்தைப் பாணியில் 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் மருந்து இருக்கும். அதே பரசிட்டமோல், 5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம் என்ற இரட்டிப்பு வீரியத்திலும் விற்கப்படுகிறது. சொட்டு மருந்தாக வரும் சிறிய போத்தலில் ஒரே ஒரு மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம் இருக்கலாம். மூன்றும் இனிப்பாக, ஒரே மாதிரி நிறமாகக்கூட இருக்கும். போத்தலைத் திருப்பி, மருந்தின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் 120 என்ற எண்ணையும் 250 என்ற எண்ணையும் பிரித்தறியலாம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பி, கண்டிக்கு வெளியே குடியேறிய ஒரு குடும்பம். குழந்தைக்கு 2 மாதம். நிறை 5 கிலோ. ஊசி போட்ட அன்று மருத்துவமாது தாயிடம், "காய்ச்சல் வந்தா மட்டும் பெனடோல் பாணி ரெண்டரை எம்.எல். குடுங்க அம்மா, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா" என்றார். அவர் மனதில் இருந்தது இங்கே கிடைக்கும் 120 போத்தல். அந்தக் கணக்கு சரிதான். 120 போத்தலில் இரண்டரை மில்லிலீற்றர் என்றால் 60 மில்லிகிராம். ஐந்து கிலோவுக்கு 50 முதல் 75 வரை கொடுக்கலாம் என்பதால் 60 நடுவில் நிற்கிறது.

இரவு எட்டு மணிக்குக் குழந்தையின் உடம்பு சுட்டது. பாட்டி பெட்டியைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த போத்தலை எடுத்தார். மூத்த பேரனுக்கு வாங்கிய மருந்து. அதில் இருந்தது 250. அதிலிருந்து இரண்டரை மில்லிலீற்றர் எடுத்தால் 125 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 25. ஒருமுறை மட்டும் அப்படிப் போயிருந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் ஆறு மணிக்கு ஒருமுறை என்று இரண்டு நாள் அதையே கொடுத்திருந்தால், ஒவ்வொரு நாளும் குழந்தைக்கு உரிய உச்ச அளவைவிட மிக அதிகமான மருந்து உள்ளே போயிருக்கும். பெட்டியில் இருந்தது சொட்டு மருந்தாக இருந்திருந்தால், அதே இரண்டரை மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம். அது ஒரே வேளையில் உச்ச அளவின் மூன்று மடங்குக்கும் மேல்.

நல்ல வேளையாகத் தாய் புத்தகத்தையும் போத்தலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது அண்ணனோட மருந்து அத்தை, எண் வேற இருக்கு" என்றார். பக்கத்து வீட்டில் 120 போத்தல் இருந்தது. பாட்டி பிழை செய்யவில்லை. அவர் எடுத்ததும் பரசிட்டமோல்தான், காலாவதியும் ஆகவில்லை. மருத்துவமாது எம்.எல். சொன்னார், எந்தப் போத்தலின் எம்.எல். என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கிளினிக்கில் யாராவது "இத்தனை எம்.எல்." என்று சொன்னால், "எந்த வீரியம் மிஸ், 120ஆ?" என்று திருப்பிக் கேளுங்கள். அவர்கள் கோபிக்க மாட்டார்கள். முடிந்தால் வீட்டிலுள்ள போத்தலையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

120 போத்தல் உங்களிடம் இருந்தால் கணக்கு சுலபம். ஒவ்வொரு கிலோவுக்கும் அரை மில்லிலீற்றர். 4 கிலோ குழந்தைக்கு 2 மில்லிலீற்றர். 5 கிலோவுக்கு இரண்டரை. 8 கிலோ உள்ள ஒன்பது மாதக் குழந்தைக்கு 4. பத்துக் கிலோவுக்கு 5. இது 120 போத்தலுக்கு மட்டுமே பொருந்தும். வேறு போத்தலுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். குழந்தை இரண்டு மாதத்துக்குக் குறைவு என்றாலோ, குறைமாதத்தில் பிறந்து நிறை மிகக் குறைவு என்றாலோ, ஈரல் நோய் இருந்தாலோ, வைத்தியரைக் கேட்காமல் எந்த அளவும் வேண்டாம்.

அளப்பதற்குச் சமையலறைத் தேக்கரண்டி உதவாது. ஒரு வீட்டுக் கரண்டி மூன்று மில்லிலீற்றர் கொள்ளும், இன்னொன்று ஏழு கொள்ளும். பாமசியில் ஊசியில்லாத 5 மில்லிலீற்றர் சிரிஞ்ச் மலிவாகக் கிடைக்கும். போத்தலை நன்றாகக் குலுக்கி, சிரிஞ்சில் இழுத்து, குழந்தையைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்து, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தொண்டைக்கு நேராகப் பீச்சினால் புரையேறும்.

அதிகமாகப் போவதற்கு இன்னொரு வழியும் உண்டு. பரசிட்டமோல் வேறு பெயர்களில் வீட்டுக்குள் வந்துவிடும். தடிமன் பாணி சிலவற்றில் அது கலந்திருக்கும். தனியார் வைத்தியர் கலந்து கொடுத்த பாணியில் இருக்கலாம். ஆசனவாயில் வைக்கும் மருந்தாகவும் வரும். தாய் பாணி கொடுத்து, அரை மணி கழித்துத் தகப்பன் அந்த மருந்தை வைத்தால் குழந்தைக்கு இரண்டு வேளை மருந்து போய்விடும். கொடுத்த நேரத்தையும் அளவையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் போத்தலிலேயே ஒட்டி வையுங்கள். இரவில் ஆள் மாறிப் பார்க்கும் வீட்டில் இது மிகவும் உதவும்.

அளவு அதிகமாகப் போய்விட்டது என்று சந்தேகம் வந்தால், குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். பரசிட்டமோல் பாதிப்பது ஈரலை. முதல் நாள் வெளியில் எதுவுமே தெரியாமல் இருக்கலாம். இரண்டு மூன்று நாள் கழித்துக் கண் மஞ்சளாகும்போது நேரம் கடந்திருக்கும். இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் அது மிக நன்றாக வேலை செய்யும். போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

ஊசிக்கு முன்னரே கொடுக்கலாமா

"காய்ச்சல் வரத்தானே போகுது, முன்னாலேயே குடுத்துட்டா என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஒரு காலத்தில் பல நாடுகளில் வைத்தியர்களே அப்படித்தான் சொன்னார்கள்.

2009இல் செக் நாட்டில் 459 குழந்தைகளிடம் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரு பகுதிக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்ட நேரத்திலிருந்தே, காய்ச்சலுக்குக் காத்திராமல், ஒரு நாளுக்குள் மூன்று வேளை பரசிட்டமோல் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அப்படிக் கொடுக்கவில்லை. மருந்து பெற்றவர்களிடம் காய்ச்சல் குறைந்தது. ஆனால் பிறகு இரத்தத்தைப் பார்த்தபோது, அவர்களின் உடம்பில் பல நோய்களுக்கு எதிராக உருவான எதிர்ப்புச் சக்தியின் அளவும் குறைவாக இருந்தது. அதற்காக அந்தக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பே இல்லாமல் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பெரும்பாலானவர்களிடம் போதிய அளவு இருந்தது. என்றாலும், வராமலே போகக்கூடிய ஒரு சிறு காய்ச்சலுக்காக அதை ஏன் குறைத்துக்கொள்ள வேண்டும்? ஊசி போட்ட எல்லாக் குழந்தைக்கும் காய்ச்சல் வருவதில்லை. காத்திருந்து, வந்தால் மட்டும் கொடுப்பது நல்லது. காய்ச்சல் வந்த பிறகு கொடுப்பதால் ஊசியின் பலன் கெடும் என்று அஞ்ச வேண்டாம்.

லண்டனில் உள்ள அக்கா தொலைபேசியில் வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம். "இங்க ஊசி போட்ட உடனேயே குடுக்கச் சொல்றாங்களே" என்பார். அவர் சொல்வதும் உண்மை. பிரித்தானியாவில் 2015 முதல் குழந்தைகளுக்கு மூளைச்சவ்வுக் காய்ச்சலுக்கு எதிராக மென் பி என்ற தடுப்பூசி போடுகிறார்கள். அது மற்ற ஊசிகளோடு சேரும்போது பெரும்பாலான குழந்தைகளுக்கு நல்ல காய்ச்சலைக் கொடுக்கும். அதனால் அந்த ஊசிக்கு மட்டும் காய்ச்சலுக்குக் காத்திராமல் மூன்று வேளை பரசிட்டமோல் கொடுக்கச் சொல்கிறார்கள். நம் நாட்டின் இலவச அட்டவணையில் அந்த ஊசி இல்லை. அவருடைய ஊர் வழக்கத்தை இங்கே பென்டா ஊசிக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

முன்பு காய்ச்சலோடு வலிப்பு வந்த குழந்தை என்றால், ஊசிக்கு முன் அதைக் கிளினிக் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் பரசிட்டமோலை முன்கூட்டிக் கொடுத்தால் வலிப்பு வராது என்று உறுதி கூற முடியாது.

இபுபுரொபன் ஏன் வேண்டாம்

வெளிநாடுகளில் குழந்தைக் காய்ச்சலுக்கு இபுபுரொபன் சாதாரணமாகப் பயன்படும் மருந்து. நாட்டுக்குத் திரும்பி வந்த பலருக்கும் அது பழக்கமானது. சிலர் ஒருமுறை பரசிட்டமோல், மறுமுறை இபுபுரொபன் என்று மாற்றி மாற்றியும் கொடுத்திருப்பார்கள். இங்கே அப்படிச் செய்யாதீர்கள் என்று நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் டெங்கு.

கண்டி குளிர்ந்த ஊர், நுளம்பு குறைவு என்று நினைத்து வருபவர்கள் உண்டு. டெங்கு நுளம்புக்குக் கண்டியின் குளிர் ஒரு பொருட்டே இல்லை. 2017இல் நாடு முழுவதும் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கு சந்தேகிக்கப்பட்டபோது கண்டி மாவட்டமும் அதில் அகப்பட்டது. டெங்குவில் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறையும். இபுபுரொபன் அந்தத் தட்டணுக்களின் வேலையையும் தடுக்கும், வயிற்றின் உட்தோலையும் புண்ணாக்கும். இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசியலாம். அதனால்தான் காய்ச்சலின் காரணம் தெளிவாகாதவரை இந்த வகை மருந்தே வேண்டாம் என்பது இலங்கையில் வைத்தியர்களின் உறுதியான அறிவுரை.

"ஊசியால வந்த காய்ச்சல்தானே, டெங்கு இல்லையே" என்று கேட்கலாம். எம்.எம்.ஆர். ஊசியை நினைத்துப் பாருங்கள். ஊசி போட்ட ஏழாம் நாள் குழந்தைக்கு 39 பாகை காய்ச்சல். அது ஊசியின் காய்ச்சலாகவும் இருக்கலாம், பக்கத்துக் காணியில் கிடக்கும் டயரில் பிறந்த நுளம்பின் வேலையாகவும் இருக்கலாம். முதல் நாளில் உங்களாலும் பிரித்தறிய முடியாது, வைத்தியராலும் முடியாது. பரசிட்டமோல் கொடுத்திருந்தால் இரண்டில் எதுவானாலும் கெடுதல் இல்லை. டெங்குவாக இருந்து இபுபுரொபன் கொடுத்திருந்தால் கெடுதல் உண்டு.

இபுபுரொபன் மட்டுமல்ல, மெபெனமிக் அமிலம், டைக்ளோபெனக் ஆகியவையும் அதே வகைதான். டைக்ளோபெனக், ஆசனவாயில் வைக்கும் மருந்தாக வரும். காய்ச்சல் மளமளவென்று இறங்குவதால் அதைச் சிலர் விரும்பிக் கேட்பார்கள். இந்தியாவிலிருந்து கொண்டுவரும் பாணிகள் சிலவற்றில் பரசிட்டமோலும் இபுபுரொபனும் ஒன்றாகக் கலந்திருக்கும். பெட்டியில் இரண்டு மருந்தின் பெயர் இருந்தால் அதை ஒதுக்கி வைத்து, கிளினிக்கில் காட்டிக் கேளுங்கள். அஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் காய்ச்சலுக்காகக் கொடுக்கக் கூடாது.

அன்றிரவு

தேமோமீட்டரை அக்குளில் வைத்துப் பாருங்கள். காய்ச்சல் இலேசாக இருந்து, குழந்தை பால் குடித்துத் தூங்கினால் எழுப்பி மருந்து கொடுக்க வேண்டியதில்லை. எண்ணைக் குறைப்பதற்காக நாம் மருந்து கொடுப்பதில்லை, குழந்தையின் உபாதையைக் குறைக்கத்தான் கொடுக்கிறோம். 38 பாகையைத் தாண்டி, குழந்தை அழுது அமைதியில்லாமல் இருந்தால் கொடுங்கள். மருந்து வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் எடுக்கும். அதற்குள் இறங்கவில்லையே என்று இன்னொரு முறை ஊற்றாதீர்கள்.

மலைப்பக்கத்துக் குளிருக்குப் பயந்து கம்பளித் தொப்பி, இரண்டு சட்டை, மேலே போர்வை என்று சுற்றி வைப்பது இங்கே வழக்கம். காய்ச்சலில் சூடு வெளியேற வேண்டும். தொப்பியைக் கழற்றி, ஒரு மெல்லிய சட்டை மட்டும் போடுங்கள். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். தொடை வீக்கத்தின் மேல் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை வைக்கலாம். எண்ணெய் தேய்ப்பது, பற்றுப் போடுவது, தடவி உருவுவது வேண்டாம்.

சில அடையாளங்கள் தெரிந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. குழந்தை பால் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் துவண்டு கிடந்தால், மூச்சு வேகமாக வாங்கினால், வலிப்பு வந்தால், மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் வீறிட்டு அழுதால், நிறம் வெளுத்தால் அல்லது நீலம் பாரித்தால், உடனே புறப்படுங்கள். காய்ச்சல் 39 பாகையைத் தாண்டினாலும், இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற எண்ணை அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கண்டிப் பகுதியில் குழந்தைகளுக்கென்றே பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. தொலைவில் இருப்பவர்கள் அங்கேதான் போக வேண்டும் என்று நேரத்தைக் கடத்தாமல், கம்பளை, நாவலப்பிட்டி என்று கிட்ட உள்ள அரச வைத்தியசாலைக்குப் போகலாம். கிளினிக் புத்தகத்தை மறக்க வேண்டாம். எந்த ஊசி, எந்தத் திகதி என்பது அதில்தான் இருக்கிறது.

காய்ச்சல் தானாகவே அடங்கிவிட்டாலும் அடுத்த கிளினிக்கில் அதைச் சொல்லுங்கள். 39 பாகைக்கு மேல் போனது, நீண்ட நேரம் அழுதது போன்றவற்றை அவர்கள் பதிவு செய்வார்கள். அடுத்த ஊசியைத் தள்ள வேண்டுமா என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்கள். சாதாரணக் காய்ச்சல் வந்தது என்பதற்காக நான்காம் மாத ஊசிக்குப் போகாமல் நின்றுவிடாதீர்கள். இடம் மாறி வந்ததால் புத்தகம் தொலைந்திருந்தால் அதற்காகவும் நிற்க வேண்டாம். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் குழந்தையோடு போய், எந்த ஊசிகள் போட்டதாக நினைவிருக்கிறதோ அதைச் சொன்னால் புதிய புத்தகம் திறந்து தருவார்கள்.